சௌந்தரத்தின் சாவுக்கு ஐந்து ‘ஏன்’

வியாழக்கிழமை இரவு ஏழு ஐம்பத்திரண்டுக்குச் சௌந்தரம் செத்தாள். வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு, ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான்காவது லைன் நின்றது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிர்வாகம் கண்டுபிடிக்க நான்கு நாள் பிடித்தது. அதற்குள் கேன்டீனில் வெங்காயம் தடை செய்யப்பட்டிருந்தது.

நான்காவது லைனில் மாரிசெல்வியின் வேலை, பார்ப்பது. லென்ஸ் வழியாகச் சர்க்யூட் பலகையைப் பார்க்க வேண்டும். ஈயப்பற்று சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. ஏழு வருஷமாகப் பார்க்கிறாள். மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறியும் அவளுடைய கண் மாறவில்லை என்று சூப்பர்வைசர் மோகன் பெருமையாகச் சொல்வான். அந்த வெள்ளிக்கிழமை அவள் பச்சைத் தட்டில் வைத்த நாற்பது பலகைகளும் திரும்பி வந்தன. மோகன் பென்னலூர்க்காரன், கோபப்படத் தெரியாதவன். குனிந்து பார்த்தான். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களும் குளமாக இருந்தன. அவளுக்கு அடுத்தவளுக்கும் அப்படியே. அதற்கு அடுத்தவளுக்கும்.

“இன்னாமா, புகை அடிக்குதா?” என்றான்.

மாரிசெல்வி தலையாட்டினாள். ஆமென்றும் கொள்ளலாம், இல்லையென்றும் கொள்ளலாம்.

பாதுகாப்புத் துறை வந்து காற்றை அளந்தது. காற்று நன்றாக இருந்தது. தரத் துறை வந்து கண்ணீரை அளந்தது. கண்ணீரில் உப்பு இருப்பதாகவும், உப்பு பலகையை அரிக்கும் என்றும், ஆகவே அழுகை என்பது இனி ‘அயல்பொருள் கலப்பு’ என்ற தலைப்பின் கீழ் வரும் என்றும் சுற்றறிக்கை போனது. கண்ணீர் வரும் நிலையில் உள்ள ஊழியர்கள் கையை உயர்த்த வேண்டும். லைன் லீடர் வந்து துணி கொடுப்பார். அழுது முடித்ததும் துணியைத் திருப்பித் தந்து கையெழுத்திட வேண்டும்.

உண்மையை வெளியே கொண்டுவந்தது மாரிசெல்விதான், அதுவும் தெரியாமல். சனிக்கிழமைக்கு ஒருநாள் லீவு வேண்டும் என்று கம்பெனியின் செல்போன் செயலியில் விண்ணப்பித்தாள். காரணம்: துக்கம். இறந்தவர் பெயர்: சௌந்தரம். உறவு என்ற இடத்தில் நான்கு தேர்வுகள் வந்தன. தந்தை, தாய், கணவர், குழந்தை. நான்கும் இல்லாதவர்களுக்கு ஐந்தாவதாக ‘இதர’. அதைத் தொட்டதும் இறப்புச் சான்றிதழைப் பதிவேற்றச் சொன்னது. அவள் சற்று யோசித்துவிட்டு, தொலைக்காட்சித் திரையைப் படம் பிடித்து வைத்திருந்ததை ஏற்றினாள். மாலை போட்ட போட்டோ. மூலையில் சேனலின் முத்திரை.

செயலி ஏற்றுக்கொண்டது. முத்திரை இருந்ததல்லவா.

*

சௌந்தரம் ‘படிக்கட்டு வீடு’ என்ற தொடரின் மூத்த மருமகள். திங்கள் முதல் சனி வரை தினமும் ஏழரை மணிக்கு வருவாள். முந்நூறாவது எபிசோடில் அவளை வீட்டைவிட்டு வெளியே தள்ளினார்கள். கட்டின புடவையோடு போனவள், பேருந்து நிலையத்து வாசலில் இட்லி விற்றாள். மழையில் நனைந்தாள், போலீஸ்காரனிடம் திட்டு வாங்கினாள், தள்ளுவண்டி வாங்கினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாவது எபிசோடில் சொந்தக் கடைக்குப் பத்திரம் பதியப் புறப்பட்டாள். அடுத்த காட்சியில் மாமியார் வீட்டில் தொலைபேசி அடித்தது. யாரோ எடுத்தார்கள். “லாரியா?” என்றார்கள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை எபிசோடு மாலையோடு தொடங்கியது.

மாரிசெல்வி தங்கியிருந்த வடக்குப்பட்டு விடுதியில் அறுபத்துநான்கு பெண்கள். பாதிப்பேருக்கு மேல் தெற்கத்திப் பிள்ளைகள். தொலைபேசி அடித்த அந்த இரவு கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. விளம்பரம் ஓடியது. அதில் ஒருத்தி சோப்புப் போட்டுச் சிரித்தாள். யாரோ டிவியை அணைத்தார்கள்.

வார்டன் செங்கமலம் அந்த ஊர்க்காரி. தன் நிலத்தில் கம்பெனி வந்த பிறகு இருந்த வீட்டையே விடுதியாக்கியவள். தொடர் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, சாவு வூடு மேரி கீது?” என்றவள், கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சமையல்காரியிடம் போய், “காலைல அடுப்பு பத்த வெக்காத. நம்ம வூட்லேர்ந்து ஆக்கியாந்துடறேன்,” என்றாள். மறுநாள் காலை பெரிய அண்டாவில் கஞ்சி வந்தது. இன்னின்ன காரணத்துக்காக என்று அவள் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. அறுபத்துநான்கு பேரும் வாங்கிக் குடித்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள்.

மாரிசெல்விக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இருபது வயதில் மாமன் மகனைக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறியவள் அவள். அம்மா தங்கமாரி பத்து மாதம் பேசவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டால் அம்மா பக்கத்தில் இருப்பது மூச்சில் தெரியும், வாங்கிப் பேசமாட்டாள். திடீரென்று ஒருநாள் எட்டு மணிக்கு அம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும், நலமா என்று கூடக் கேட்காமல், “ஏட்டி, சௌந்தரத்த வெளிய தள்ளிட்டானுவளே, பாத்தியா?” என்றாள்.

“பாத்தேம்மா.”

“அவ மேல என்ன தப்பு? பிடிக்கல, வந்துட்டா. அதுக்குன்னு இப்படியா?”

மாரிசெல்வி போனைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்குப் பேச்சு. இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் காலை பதினொரு மணிக்கு மறுஒளிபரப்பு. மகளுக்காக அம்மாவும் அதை இரண்டாம் தரம் பார்ப்பாள். சௌந்தரத்துக்குக் காய்ச்சல் வந்தால், “அவளுக்குக் கஷாயம் வச்சிக் குடுக்க ஆளில்ல” என்பாள் அம்மா. அந்த வாரம் மாரிசெல்விக்குக் காய்ச்சலாக இருக்கும். “தனியா இருந்தாலும் நல்லாத்தான்மா இருக்கா” என்பாள் மகள். நேராக ஒரு வார்த்தை கிடையாது. ஏழு வருஷத்தில் அம்மா ஒரகடம் வந்து பார்த்ததும் இல்லை. போன மாதம் மட்டும் ஒரு தரம், “சௌந்தரம் கடைய தொறக்கட்டும். பெறவு ஒரு நாளு அங்கன வாரேன்,” என்று சொன்னாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு அழைப்பு வரவில்லை. எட்டரைக்கு மாரிசெல்வி கூப்பிட்டாள்.

“சாப்ட்டியா?” என்றாள் அம்மா.

“சாப்ட்டேன். நீ?”

“ம்.”

அதற்கு மேல் பேச இருவருக்கும் சௌந்தரம் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை ‘சிகரம்’ என்று பெயரிட்ட கூட்ட அறைக்கு மாரிசெல்வி அழைக்கப்பட்டாள். மனிதவளத் துறைத் தலைவர் பாண்டுரங்கன் நடுவில் இருந்தார். பக்கத்தில் புதிதாக வந்த மனநல ஆலோசகர் கனிஷ்கா. மோகன் ஓரமாக நின்றான். திரையில் ஒரு படிவம். அந்தத் தொழிற்சாலையில் எது கெட்டுப்போனாலும் ஐந்து தரம் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூலகாரணம். ஐந்து கட்டங்கள். ஆறாவது கிடையாது.

“உக்காரும்மா,” என்றார் பாண்டுரங்கன். “இது விசாரணை கிடையாது. நாம எல்லாம் ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் அழுதா மத்தவங்க ரூட் காஸ் கண்டுபிடிக்கணும். முதல் ஏன். பலகை ஏன் ரிஜெக்ட் ஆச்சு?”

“கண்ணு மறைச்சிட்டு சார்.”

“ஏன் மறைச்சுது?”

“சௌந்தரம் செத்துட்டா.”

இரண்டு கட்டங்கள் நிரம்பின. பாண்டுரங்கனுக்குத் திருப்தி.

“மூணாவது. இல்லாத ஒருத்தி செத்தா ஏன் அழணும்?”

மாரிசெல்வி மோகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“இல்லாதவன்னு எப்படி சார் சொல்ல? எங்க அப்பாவ வருசத்துக்கு ரெண்டு தரம் பாக்கேன். இவளத் தெனமும் பாத்தேன். அவ தனியா நிக்கையில மனசுக்குள்ள என்ன பேசுதான்னு சத்தமா கேக்கும்லா. என் பக்கத்துக் கட்டில்ல நாலு வருசமா ஒருத்தி படுக்கா, அவ மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. சௌந்தரத்துக்குத் தெரியாம அவளப் பத்தி அவ்வளவும் எனக்குத் தெரியும். திருப்பி அவ என்ன ஒண்ணும் கேக்க மாட்டா. கோவிச்சிக்கிட மாட்டா. ஷிப்ட் மாறிச்சு, ரூம் மாறிச்சு, காண்ட்ராக்ட் மாறிச்சு. அவ மட்டும் ஏழரைக்கு வந்துருவா.”

கனிஷ்கா தன் தாளிலிருந்து நிமிர்ந்தாள். “சார், இது நார்மல். தினம் பாக்குற முகத்தை மூளை தெரிஞ்சவங்க லிஸ்ட்லதான் சேக்கும். அது திரையில வந்துச்சா, திண்டிவனத்துல இருந்து வந்துச்சான்னு...”

“அவ்வளவு பெருசா எழுதினா கட்டத்துல அடங்காது,” என்றார் பாண்டுரங்கன். ‘அதிகப் பரிச்சயம்’ என்று தட்டினார். “நாலாவது. நடிப்புன்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் ஏன்?”

“தாலாட்டுல மாமன் யானை மேல வாரான்னு பாடுவாவ. யானையும் கிடையாது, சில வீட்டுல மாமனே கிடையாது. பாடுதவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே சார் பாடுதா. பாடிக்கிட்டே அழவும் செய்தா.”

மோகன் மூக்கை உறிஞ்சினான். பாண்டுரங்கன் அவனைப் பார்த்ததும் கையை உயர்த்தினான். சுற்றறிக்கை அப்படித்தான் சொல்லியிருந்தது. துணி வந்தது.

“கடைசி. இதுதான் முக்கியம்,” என்றார் பாண்டுரங்கன். “அந்தத் தொடர்ல மாமனாரும் செத்திருக்கார். விசாரிச்சுட்டேன். அன்னைக்கு ரிஜெக்சன் ஏறல. இப்ப மட்டும் ஏன்?”

“அவரு நாப்பது எபிசோடு இருமினாரு சார். நாங்க தயாராயிட்டோம். செத்தப்போ எல்லாருமா அழுதாவ, எடுத்தாவ, காரியம் நடந்துச்சு. இவளுக்கு ஒண்ணுமில்ல. முகத்தக் கூடக் காட்டல. போனு அடிச்சுது, அவ்வளவுதான். தெனமும் முடிக்கையில நாளைக்குன்னு சொல்லிச் சொல்லித்தானே சார் எங்களக் கூட்டிட்டு வந்தாவ? ஏழு வருசமா நாளைக்கு நாளைக்குன்னு. கடைய தொறந்துருவான்னு இருந்தோம். அவ தொறந்துட்டா நாமளும்...” அவள் நிறுத்தினாள். “நெசமா யாராச்சும் செத்தா நாலு பேரு வந்து கையப் பிடிப்பாவ. இதுக்கு அழுதா சிரிக்காவ. அழுகதுக்கும் வெக்கப்பட்டுக்கிட்டே அழணும்.”

“அதான் கேக்குறேன், ஏன்?”

எட்டு மணி அழைப்பைச் சொல்லலாமா என்று மாரிசெல்வி நினைத்தாள். வாய் வரை வந்தது. திரையில் கட்டம் சின்னதாக இருந்தது.

“தெரியல சார்,” என்றாள்.

பாண்டுரங்கன் பெருமூச்சு விட்டு மூலகாரணத்தைத் தட்டினார்: ‘பயிற்சிக் குறைபாடு’. அந்தத் தொழிற்சாலையில் போன வருஷம் கூரை ஒழுகியதற்கும் அதுதான் மூலகாரணம்.

*

திருத்த நடவடிக்கைகள் தொடங்கின.

முதலில் ‘உண்மையும் கற்பனையும்: வேறுபாடு அறிவோம்’ என்று இரண்டு மணிநேரப் பயிற்சி. முடிவில் தேர்வு. ‘பின்வருவனவற்றுள் உயிருள்ளது எது?’ என்ற கேள்விக்குச் சூப்பர்வைசர், சௌந்தரம், சார்ஜர் என்று மூன்று விடைகள் தரப்பட்டிருந்தன. அடுத்து, நுழைவாயிலில் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகைக்குப் பக்கத்தில் ‘கண்ணீரில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை. அதில் மூன்று நாளும் பூஜ்யம் நின்றது. நான்காம் நாள், எண்ணிக்கையை ஒன்றாக மாற்ற ஏறிய பெண் ஏணியிலேயே அழுதுவிட்டாள்.

பிறகு இரங்கல் கூட்டம். டீ இடைவேளையில் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். பாண்டுரங்கன் பேசினார்:

“சௌந்தரம் அவர்கள் இந்த நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஆனாலும் ஏழு ஆண்டுகளாக நமது ஊழியர்களை மாலையில் ஒரே இடத்தில் உட்கார வைத்து, வெளியே சுற்றவிடாமல், மறுநாள் காலை நேரத்துக்கு வேலைக்கு வரச் செய்ததில் அவரது பங்களிப்பை நிர்வாகம் மறுக்கவில்லை. தள்ளுவண்டி வைத்துக்கூட அவர் சங்கம் அமைக்கவில்லை என்பதை நினைவுகூர்கிறேன். அவரது திடீர் விலகல் முறையான முன்னறிவிப்பின்றி நடந்தது வருத்தத்துக்குரியது. அவர் காட்டிய பாதை என்ன? விடாமல் உழைப்பது. ஆகவே அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி, சனிக்கிழமை ஓ.டி.க்கு எல்லோரும் வருவதுதான்.”

ஒரு நிமிட மௌனம் நாற்பது நொடியில் முடிந்தது. சைரன் ஊதிவிட்டது.

சேனலுக்கும் கடிதம் போனது. ஏற்றுமதி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் முக்கியக் கதாபாத்திரங்களைக் கொல்வதாயிருந்தால் தொண்ணூறு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ‘கதையின் தேவை கருதி எடுக்கப்பட்ட முடிவு’ என்று ஒருவரியில் பதில் வந்தது. அப்போதுதான் பாண்டுரங்கனுக்குப் பெரிய யோசனை தோன்றியது. இறந்தவர் இறக்கவில்லை என்பதை நேரில் நிரூபித்துவிட்டால் துக்கத்துக்கு ஆதாரமே இல்லாமல் போகும்.

அந்த நடிகையை அழைத்து வந்தார்கள்.

கேன்டீனில் மேடை போட்டு, ‘சௌந்தரம் நலமாக இருக்கிறார்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். கார் வந்தது. ஜீன்ஸ் போட்டு, முடியைக் கழுத்தோடு வெட்டி, கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பெண் இறங்கினாள். முகம் அதே முகம். விடுதியின் அறுபத்துநான்கு பேரும், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி கைகூடக் குவித்துவிட்டாள்.

நடிகை மைக்கை வாங்கி, “எல்லாருக்கும் வணக்கம்,” என்றாள்.

அது சௌந்தரத்தின் குரல் இல்லை. மெல்லிய, வேற்றூர்க் குரல். தமிழ் அவள் வாயில் வேறொரு மொழியின் ராகத்தோடு வந்தது. ஏழு வருஷமாக அவர்கள் கேட்ட குரல் எங்கோ ஓர் ஒலிக்கூடத்தில் வேறொருத்தியுடையது. அந்தப் பேர் தெரியாதவளையும் யாரும் அழைத்திருக்கவில்லை.

பின்வரிசையில் விம்மல் கேட்டது. பிறகு வரிசை வரிசையாக. பாண்டுரங்கன் மைக்கைப் பிடுங்கி, “பாருங்க, உயிரோட நிக்கிறாங்க! கண்ணால பாருங்க!” என்றார். பார்க்கப் பார்க்க அழுகை கூடியது. அதுவரை மனதின் ஒரு மூலையில், எங்கேயாவது இருப்பாள் என்று கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தவர்களும் அன்றைக்குத்தான் அவளை எடுத்து அடக்கம் செய்தார்கள்.

புகைப்படத்துக்கு மாரிசெல்வியை நடிகையின் பக்கத்தில் நிறுத்தினார்கள். கேமராக்காரர் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். நடிகை கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது.

“எனக்கும் யாரும் சொல்லலம்மா,” என்றாள் மெதுவாக. “கான்ட்ராக்ட் முடிஞ்சது. அன்னைக்கு மேக்கப் போட்டு உக்கார வெச்சாங்க, ஒரே ஒரு போட்டோ எடுத்தாங்க. நல்லா சிரிங்கன்னாங்க. எதுக்குன்னு டிவி பாத்துதான் தெரிஞ்சுது. அந்தப் புடவையை ஒரு தடவை வேணும்னு கேட்டேன். கம்பெனி சொத்துன்னுட்டாங்க.”

மாரிசெல்விக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

“கடைக்கு என்ன பேரு வைக்கதா இருந்தா?”

நடிகை அவளையே பார்த்தாள். “அந்த சீன் எழுதவே இல்லம்மா,” என்றாள்.

கேமரா மின்னியது. அடுத்த மாத நிறுவன இதழில் அந்தப் படம், ‘மகிழ்ச்சிப் பகிர்வு’ என்ற தலைப்பில் வந்தது.

*

அறிக்கையை மூட ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. பாண்டுரங்கன் தாளை நீட்டினார். ‘சௌந்தரம் என்ற நபர் எக்காலத்திலும் உயிருடன் இருந்ததில்லை என்பதையும், அவரோடு எனக்கு எவ்வித உறவும் இருந்ததில்லை என்பதையும் இதன்மூலம் உறுதிசெய்கிறேன்.’

“இதுல போட்டாத்தான் காண்ட்ராக்ட் ரினியூவல் ஃபைல் நகரும்,” என்றார். குரலில் கொடுமை எதுவும் இல்லை. படிவம் பூர்த்தியாக வேண்டும் என்ற அக்கறை மட்டும்தான்.

மாரிசெல்வி இரண்டு தரம் படித்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய கண்கள் காய்ந்திருந்தன. பலகைகள் தெளிவாகத் தெரிந்தன. அன்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று மோகன் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, அதற்காக வருத்தப்படுகிறவன்போல் நின்றுவிட்டுப் போனான்.

விடுதிக்கு வந்ததும் மாடிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டாள். பதினாறு நாளாக அந்த அழைப்புகள் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. அன்றும் சாப்பாடு முடிந்தது, மழை முடிந்தது, அண்ணன் பிள்ளையின் பள்ளிக்கூடம் முடிந்தது.

“இன்னைக்கு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாவ,” என்றாள் மாரிசெல்வி. “சௌந்தரம்னு ஒருத்தி இருந்ததே இல்லன்னு.”

“போட்டியா?”

“போட்டேம்மா.”

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா வைத்துவிட்டாளோ என்று மாரிசெல்வி போனை எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“ஏட்டி,” என்றாள் தங்கமாரி. “அவ அந்த வீட்டவிட்டுப் போனதுல எனக்குக் கோவமே கெடையாது. அன்னைக்கே கெடையாது.”

மாரிசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு போனதுலம்மா?”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

“சௌந்தரம்தான்,” என்றாள் அம்மா. “வேற யாரு? சரி, வைக்கட்டா.”

“வைம்மா,” என்றாள் மாரிசெல்வி.

இருவரும் வைக்கவில்லை.